பக்கத்துக் கட்டமா, எண்திசை அண்டையா?

வணக்கம். கான்வேயின் உயிர் விளையாட்டை (1970இல் வெளிவந்தது) பிள்ளைகள் கட்டத்தாளில் போட்டுப் பார்க்க ஒரு பயிற்சித்தாள் எழுதினேன். உயிருள்ள கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டங்களில் 2 அல்லது 3 உயிரோடு இருந்தால் பிழைக்கும், இல்லையென்றால் சாகும். காலிக் கட்டத்துக்கு அப்படிச் சரியாக 3 இருந்தால் அங்கே ஒன்று பிறக்கும். தொடக்கம்:

```
.....
.....
.###.
.....
.....
```

இது தலைமுறைக்குத் தலைமுறை நின்றும் படுத்தும் மாறி வரவேண்டும். பாதிப் பேருக்கு இரண்டே தலைமுறையில் தாள் காலி! ‘பக்கத்துக் கட்டம்’ என்றதைப் பக்கம் ஒட்டியவை என்று எடுத்துக்கொண்டு நாலை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். அப்படி எண்ணினால் ஓரத்து இரண்டுக்கும் ஒரே துணைதான், செத்துவிடும். நடுவில் மிஞ்சியது அடுத்த முறை போய்விடும். மூலையும் அடங்குகிற மாதிரி ஒரு சொல் வேண்டும்.
– ப.

> மூலையும் அடங்குகிற மாதிரி

‘அண்டை அயல்’ இருக்கிறதே. அண்டை சுவர் ஒட்டியது, அயல் கொஞ்சம் தள்ளியது. பக்கத்து நாலும் அண்டை, மூலை நாலும் அயல்.
– செ.

இந்தக் கட்டத்தை ஆங்கிலத்தில் ‘செல்’ என்பார்கள், இலங்கையில் அதற்கு நாங்கள் படிப்பிப்பது ‘கலம்’. ஆனால் கலம் பிரிந்துதான் பெருகும், மூன்று கூடி நான்காவது பிறக்கிற வளர்ச்சி உயிரியலில் இல்லையே?
– ந.

ஐயா, இது நிஜக் கலம் இல்லை, ‘பிறப்பு’ என்பது விளையாட்டின் பேச்சு. செ. சொன்ன பிரிவு அழகுதான், ஆனால் விதி இரண்டையும் ஒரே கணக்கில்தான் சேர்க்கிறது. நடுக் கட்டத்துக்கு நேர் மேலே உள்ள காலிக் கட்டத்தைப் பாருங்கள்: கீழே ஒன்று, கீழ் மூலைகளில் இரண்டு, ஆக 3, அதனால்தான் அங்கே பிறக்கிறது. எட்டையும் எண்ணுவதை மூர் அண்டை, நாலை மட்டும் எண்ணுவதை வான் நியூமன் அண்டை என்பார்கள். தமிழில் எண்திசை அண்டை, நாற்றிசை அண்டை என்று வைக்கலாம்.
– மு.

அண்ணா, தாளின் மூலைக் கட்டத்துக்கு மூன்று திசைதானே இருக்கிறது? அப்புறம், நான் எட்டையும் எண்ணித்தான் நிரல் எழுதினேன், எனக்கு மூன்றுக்குப் பதில் நாலு வந்தது:

```
.....
..##.
.#.#.
.....
.....
```
– கா.

தம்பி, பழைய தாளிலேயே அழித்து எழுதியிருக்கிறாய். இரண்டாம் வரிசை நடுவில் இப்போதுதான் பிறந்ததை அதற்கு வலப்பக்கக் கட்டம் உடனே எண்ணிவிட்டது, 2 இருக்கவேண்டிய இடத்தில் 3. பழைய தாளைப் பார்த்து எண்ணி, புதுத் தாளில் எழுது. ஓரத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் காலி என்று வைத்துக்கொண்டால் மூலைக்கும் எட்டுத் திசை உண்டு.
– மு.

சரி, தாளில் ‘எண்திசை அண்டை’ போட்டுப் பார்க்கிறேன். அறுகோணக் கட்டம் வந்தால் என்ன செய்வது, ‘அறுதிசை’யா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது.
– ப.