சம்பா பயிர்க் காப்பீடு: நினைவூட்டலை எத்தனை நாள் முன்னால் வைப்பது?

மன்னைக்காரன்
எனக்கு வேலை சென்னையில், நிலம் மன்னார்குடி பக்கம். பட்டா என் பெயரில், அப்பாவால் அலைய முடியாது. சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 தான் கடைசி நாள். போன வருடம் போன் காலண்டர் இரண்டு நாள் முன்னால் அடித்தது. ஊருக்குப் போனால் வி.ஏ.ஓ. வேறு கிராமத்தில், இ-சேவை மையத்தில் வாசல் வரை கூட்டம். எப்படியோ கட்டிவிட்டேன். 2026-க்கு எத்தனை நாள் முன்னால் வைக்கலாம்?

வெண்ணாறு
பேசாமல் ஒரு மாதம் முன்னால் வையுங்கள், கவலை விட்டது.

இ-சேவை அக்கா
தம்பி, ஒரு மாதம் முன்னால் வந்தால் அடங்கல் இருக்காதே! நடவு முடியாத வயலுக்கு வி.ஏ.ஓ. எதைப் பார்த்து எழுதுவார்? ஒரே மணியால் இது ஆகாது, வேலையைப் பிரியுங்கள்.

வங்கிப் புத்தகத்திலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வயலோடு சம்பந்தமில்லை. அதைச் செப்டம்பரிலேயே முடியுங்கள். இனிஷியல் மாறியிருந்தால் திருத்தவே நாளாகும், எங்களிடம் வந்து திரும்பிப் போகிறவர்களில் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

அடங்கலுக்குத் தேதி வைக்காதீர்கள். நடவு முடிந்த அன்றே அப்பா உங்களுக்குப் போன் போடட்டும், மறுநாளே வி.ஏ.ஓ.வைக் கேளுங்கள்.

பிரீமியம் கட்டுவதைப் பின்னோக்கி எண்ணுங்கள். நவம்பர் 15 ஞாயிறு. 8-ம் தேதி ஞாயிறு தீபாவளி. அதற்கடுத்த வாரம் ஊரே எங்கள் வாசலில் நிற்கும். ஆகவே 6-ம் தேதி வெள்ளிதான் உங்கள் கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு எப்படியும் வருவீர்களே, வியாழன் இரவே ஏறிவிடுங்கள்.

மாயவரத்தான்
நான் தீபாவளி டிக்கெட்டுக்கு 60 நாள் நினைவூட்டல் வைக்கப் பார்த்தேன். கூகுள் காலண்டர் நான்கு வாரத்துக்கு மேல் ஏற்கவில்லை. யாருக்காவது வழி தெரியுமா?

இ-சேவை அக்கா
கேள்வி வேறு, ஆனாலும் தம்பிக்கும் இது வேண்டும். பயண நாளிலிருந்து பின்னால் தள்ளாதீர்கள். முன்பதிவு திறக்கும் நாளையே தனி நிகழ்வாகப் போடுங்கள். நவம்பர் 5 மன்னை எக்ஸ்பிரஸுக்கு அது செப்டம்பர் 6. காலை 8 மணிக்குத் திறக்கும், மணி 7:45-க்கு அடிக்கட்டும். நாள் முழுவதும் என்று போட்டால் மணி அடிக்கும் நேரத்தையும் பார்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் முந்தின நாளே அடித்து ஓய்ந்துவிடும்.

மன்னைக்காரன்
சரி அக்கா. அப்பா கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கப் போகிறார்.

இ-சேவை அக்கா
அப்படியானால் முதலில் சங்கத்தைக் கேளுங்கள். கடன்காரருக்கு அவர்களே பிரீமியத்தைப் பிடித்துக் கட்டிவிடுவார்கள். வேண்டாம் என்றால் கடைசி நாளுக்கு 7 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். கடன் யார் பெயரில், பட்டா யார் பெயரில் என்பதையும் கேட்டு வையுங்கள்.

கடைமடை
எங்கள் பக்கம் தண்ணீர் வந்து நடவு முடியவே நவம்பர் 10 ஆகிவிடும். எங்களுக்கு எந்த வெள்ளிக்கிழமை?

இ-சேவை அக்கா
உங்களுக்கு நான் தேதி சொல்ல முடியாது அண்ணே. மற்ற காகிதமெல்லாம் கையில் இருந்தால், அடங்கல் வந்த அன்றே நேராக இங்கே வந்துவிடுங்கள். தேதி நீட்டிப்பார்கள் என்று மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள்.