18க்கு 30 அடி ஹாலில் 20 பேருக்கு யோகா மேட் எப்படிப் போடுவது?

குடமுருட்டிக்கரை:
கும்பகோணத்தில் மாடி ஹால் ஒன்றில் காலை வகுப்பு நடக்கிறது. அகலம் 18 அடி, நீளம் 30 அடி. நடுவில் ஒரு அடி கனத்தில் ஒரு தூண். வாசல், பக்கவாட்டுச் சுவரில் ஆசிரியர் நிற்கும் முனையில் இருக்கிறது. மேட் 2 அடிக்கு 6 அடி, அதாவது 12 சதுர அடி. 540ஐ 12ஆல் வகுத்தால் 45 வருகிறது, 20 பேர் தாராளம் என்று நினைத்தோம். ஆனால் கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பக்கத்தில் இருப்பவர் மேல் இடிக்கிறது. படுத்துக் காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனத்தில் கடைசி வரிசைக்காரர்களின் கால் சுவரில் முட்டுகிறது. எங்கே தப்பு?

திருவையாறு சந்திரா:
மேட்டுக்கும் மேட்டுக்கும் ஒன்றரை அடி விடுங்க சார், போதும். ஆளுக்கு 21 சதுர அடி ஆகும், 25 பேர் வரைக்கும் கொள்ளும். எங்க பிராணாயாம வகுப்புல அப்படித்தான் போடுறோம், ஒரு பிரச்சினையும் இல்ல.

அளவுநாடா:
சந்திரா மேடம் சொல்வது உட்கார்ந்து செய்யும் வகுப்புக்கு ரொம்பச் சரி. நின்று செய்தால் கணக்கு மாறும். கையை விரித்தால் ஒருவரின் அகலம் ஏறக்குறைய அவர் உயரம்தான். ஐந்தரை அடி ஆளுக்கு நடுவிலிருந்து விரல் நுனி வரை 2 அடி 9 அங்குலம். ஒன்றரை அடி இடைவெளி என்றால் மேட்டின் நடுவுக்கு நடு மூன்றரை அடி. பக்கத்து ஆளின் தோள் சரியாக அந்த 2 அடி 9 அங்குலத்தில்தான் வரும். அதனால்தான் இடிக்கிறது.

நடுவுக்கு நடு 4 அடி வையுங்கள். அதோடு ஒன்றுவிட்ட மேட்டை 2 அடி பின்னுக்குத் தள்ளுங்கள். கைகள் ஒன்றோடொன்று மோதாமல் முன்னும் பின்னுமாகப் போய்விடும். நேர்வரிசையிலேயே போட்டால் அதற்கே ஐந்தரை, ஆறு அடி வேண்டும். பின்னால் இருப்பவருக்கு ஆசிரியரும் நன்றாகத் தெரிவார்.

உங்கள் ஹாலுக்கு: இடது சுவரிலிருந்து 3, 7, 11, 15 அடிகளில் மேட்டின் நடு. கடைசி மேட்டின் நடுவுக்கும் சுவருக்கும் 3 அடி மிஞ்சும், கை சுவரில் படாது. நீளத்தில் ஆளுக்கு 7 அடி: மேட் 6, இடைவெளி 1. படுத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்ட அவ்வளவு வேண்டும். மூன்று வரிசைக்கு 21, தள்ளிவைத்ததற்கு 2, ஆக 23 அடி. மீதி 7 அடி ஆசிரியருக்கும் வாசலுக்கும். மொத்தம் 12 பேர்.

குடமுருட்டிக்கரை:
12 தானா! ஆளுக்கு 45 சதுர அடி ஆகிறதே.

அளவுநாடா:
ஆமாம். மேட்டையும் சேர்த்து ஆளுக்கு 28தான். மிச்சமெல்லாம் ஆசிரியர், நடைவழி, சுவரோரம். வகுத்துப் பார்க்கும்போது அதுதான் எல்லோருக்கும் விட்டுப்போகிறது.

மாயவரத்தான்:
கோரைப்பாய் போட்டா வழுக்குதே, எந்த மேட் வாங்கலாம்? எங்களுது பழைய வீட்டுக் கூடம், சிவப்பு ஆக்சைடு தரை, நடுவுல முற்றம்.

அளவுநாடா:
அண்ணே, கேள்வி வேறு, ஆனாலும் சொல்கிறேன். வழவழப்பான தரையில் கோரைப்பாய் நகரத்தான் செய்யும். நின்று செய்வதற்கு அடியில் பிடிப்புள்ள ரப்பர் மேட் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை வியர்த்தால் துடைத்த பிறகுதான் விரிக்கணும். முற்றத்து ஓரத்தில் 3 அடியை இடமாகவே கணக்கில் எடுக்காதீர்கள்.

குடமுருட்டிக்கரை:
தூண் முன்சுவரிலிருந்து 15 அடியில், அகலத்துக்குச் சரியாக நடுவில் இருக்கிறது. ஹலாசனத்துக்கு என்ன செய்வது?

அளவுநாடா:
தூண் 7க்கும் 11க்கும் நடுவில் விழும், மேட் எதையும் தொடாது. நிற்கும்போதும் தொந்தரவில்லை. மேட்டின் மத்தியில் நிற்பவர் தூணுக்கு இரண்டரை அடி முன்னாலோ பின்னாலோதான் இருப்பார்.

படுக்கும்போது எல்லோரும் தலையை ஆசிரியர் பக்கம் வைக்கட்டும். ஹலாசனத்தில் கால் தலையைத் தாண்டி ஏறக்குறைய 2 அடி போகும். தலை பின்சுவர்ப் பக்கம் இருந்ததால்தான் முட்டியது. ஒன்று மட்டும்: எல்லோரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கணும். முன்னால் ஒருவர் காலை நீட்டிப் படுத்திருந்தால் பின்னால் இருப்பவரின் கால் அவர் பாதத்தில் விழும்.

இடமிருந்து மூன்றாம் பத்தி, இரண்டாம் வரிசை ஆளுக்கு மட்டும் படுத்துக் கை விரித்தால் தூண் தட்டும். தலையைத் திருப்பி வைத்தால் இரண்டாம் பத்தி, முதல் வரிசை ஆளுக்குத் தட்டும். அந்த ஒருவர் முழங்கையை மடக்கிக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு மேட்டுக்கும் முன்பக்க இடது மூலையை மட்டும் தரையில் குறித்துவிடுங்கள். கோலமாவு ஒரு நாளில் அழிந்துவிடும், கலர் டேப் ஒட்டலாம்.

திருவையாறு சந்திரா:
அப்ப 20 பேரையும் விடாம, கை விரிக்கிற ஆசனத்த மட்டும் நீக்கிட்டா? 3 அடிக்கு ஒருத்தர்னு அஞ்சு பத்தி போடலாமே.

அளவுநாடா:
உட்கார்ந்து செய்வதற்கு அஞ்சு பத்தி, நாலு வரிசை, 20 பேர் உட்காரலாம். ஆனால் சூரிய நமஸ்காரத்தில் கையைப் பக்கவாட்டில் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள், முன்னால் நேராகத் தூக்கச் சொல்லணும். அது உங்கள் ஆசிரியர் ஒப்புக்கொள்வதைப் பொறுத்தது.

குடமுருட்டிக்கரை:
ஹால் ஒரு மணி நேரத்துக்குத்தான் வாடகைக்குக் கிடைக்கிறது, இரண்டு பேட்ச் வைக்க முடியுமா பார்க்கிறேன். நாளைக்கு டேப் ஒட்டி 12 மேட்டும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.