விலை 20 நாள் உச்சத்தில், ஓபிவி மட்டும் பள்ளத்தில்: எச்சரிக்கையை நம்பலாமா?

கேட்டவர்: என் கண்காணிப்புப் பட்டியலில் உள்ள 60 பங்குகளைச் சந்தை முடிந்தபின் தினமும் வடிகட்டுகிறேன். விலை ஏறிய நாளின் வர்த்தக அளவைக் கூட்டியும் இறங்கிய நாளின் அளவைக் கழித்தும் வருவது ஓபிவி. விலை 20 நாள் உச்சத்தைத் தொட்டும் ஓபிவி தன் 20 நாள் உச்சத்தைத் தொடாவிட்டால் எச்சரிக்கை வரும். ஒரு பங்கு ரூ.412-லிருந்து ரூ.440-க்கு ஏறிய 9 நாட்களிலும், புதிய உச்சம் வந்தபோதெல்லாம் எச்சரிக்கை தொடர்ந்தது. எங்கே தவறு?

ஈரோட்டு வாசகர்: தவறே இல்லை. பெரிய கைகள் விற்று வெளியேறுகின்றன என்பதுதான் அதன் பொருள். நானாக இருந்தால் விற்றுவிடுவேன்.

பழைய வணிகர்: விற்பதற்கு முன் ஓபிவி எந்த நாளில் விழுந்தது என்று பாருங்கள். படிப்படியாகச் சரிந்ததா, ஒரே நாளில் சரிந்ததா?

கேட்டவர்: ஒரே நாளில்தான் ஐயா. முந்தைய முடிவு விலை 412.30, அன்று 412.10. வழக்கமாக 5 லட்சம் பங்குகள் கைமாறும் இடத்தில் அன்று 64 லட்சம். மாலையில், பெருந்தொகுதியாக வாங்கி விற்றவர்களைக் காட்டும் பல்க் டீல் பட்டியலிலும் அப்பங்கு இருந்தது.

பழைய வணிகர்: அப்படியானால் 20 காசு இறக்கத்துக்காக 64 லட்சமும் கழிக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு இறங்கியது என்பதை ஓபிவி பார்ப்பதே இல்லை. அடுத்த 9 நாட்களில் 7 ஏற்றம், 2 இறக்கம் என்று வைத்தாலும் 25 லட்சம்தான் மீளும். இன்னொன்று: பங்குச்சந்தையின் அன்றாடக் கோப்பில் உள்ள முடிவு விலை கடைசி அரை மணி நேரச் சராசரி, கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை வேறாக இருக்கலாம்.

கேட்டவர்: கடைசி வர்த்தகம் 412.60-இல் நடந்திருக்கிறது!

பழைய வணிகர்: அந்த விலையை எடுக்கும் மென்பொருளில் அதே நாள் கூட்டலாகியிருக்கும், இரண்டுக்கும் வேறுபாடு 128 லட்சம். இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கும் முரண்பாட்டை நான் எச்சரிக்கையாகக் கொள்வதில்லை. ஒரு நாளின் அளவுக்கு 20 நாள் இடைநிலை அளவின் மும்மடங்கை வரம்பாக வைத்து, ஒவ்வொரு நாளும் வரும் இந்த மதிப்பைக் கூட்டிக்கொண்டே மீண்டும் ஓட்டிப் பாருங்கள்:

```
sign(close - prev_close) * min(volume, 3 * median20)
```

மதுரை வாசகி: எனக்கும் இதே தொல்லை, ஆனால் என் பங்கில் 1:1 போனஸ் வந்திருந்தது.

பழைய வணிகர்: உங்களுடையது வேறு கதை, அம்மா. பழைய விலைகளைப் பாதியாக்கிய தரவு, பழைய வர்த்தக அளவுகளை இரட்டிப்பாக்கியதா என்று பாருங்கள். இல்லையென்றால் போனஸுக்கு முந்தைய நாட்களின் எடை பாதியாகிவிடும்.

கேட்டவர்: வரம்பு வைத்ததும் அன்றைய கழிவு 15 லட்சமானது, ஓபிவி புதிய உச்சத்துக்கு வந்து எச்சரிக்கையும் நீங்கியது.

ஈரோட்டு வாசகர்: அந்த 64 லட்சத்தை விற்றவர் உண்மையிலேயே விவரம் தெரிந்தவராக இருந்தால், உங்கள் வரம்பு அதையும் மறைத்துவிடுமே?

பழைய வணிகர்: மறைக்கும். அதனால்தான் நான் இரண்டு கணக்கையும் அடுத்தடுத்த நெடுவரிசைகளில் வைத்திருக்கிறேன். இரண்டும் முரண்பட்டால் பல்க் டீலில் விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று பார்ப்பேன். அதற்குப் பிறகும் சில பங்குகளில் முடிவுக்கு வர முடிந்ததில்லை.