அக்ராஸ் பேக், பஸ்ட் பாயிண்ட்: தமிழ்ல என்ன போடலாம்?

அனுப்பியவர்: பண்டாரவளை, சொல்பட்டியல் தொகுக்கிறவர்
எல்லாருக்கும் வணக்கம். மேற்சட்டை பேட்டர்ன் வரையுற பாடத்துக்கு சொல் சேர்த்துக்கிட்டு இருக்கேன். அக்ராஸ் பேக்குக்கு "முதுகு அகலம்", பஸ்ட் பாயிண்டுக்கு "மார்பு உச்சி"ன்னு எழுதி வச்சிருக்கேன், சரியா?

அனுப்பியவர்: தலவாக்கலை, தையல் கடை
தம்பி, முதுகு அகலம்னா தோள்பட்டைக்கு தோள்பட்டை புடிக்கிறதுதானே, அதுக்கு ஷோல்டர்னு ஒரு வார்த்தை இருக்கே, புதுசா எதுக்கு? அதோட எங்க கடையில அத அளக்குறதே இல்ல, மார்பளவ ஆறால பிரிச்சு ஒரு இன்ச் கூட்டுனா பாதி முதுகு வந்துரும்.

அனுப்பியவர்: ஹட்டன், தையல் டீச்சர்
அண்ணே, அது ரெண்டும் வேற வேற இடம். தோள் அளவு தோள் எலும்பு முனைக்கு முனை போகும். இது அதுக்குக் கீழ. தலைய குனிஞ்சா பின்கழுத்துல ஒரு எலும்பு துருத்தும் பாருங்க, அதுல இருந்து ஏறக்குறைய 4 இன்ச் இறங்கி, ஒரு கை உடம்போட சேர்ற மடிப்புல இருந்து மத்த கை மடிப்பு வரைக்கும் டேப்ப படுக்கையா புடிக்கணும். "முதுகு அகலம்"னு மட்டும் போட்டா நீங்க நினைச்ச மாதிரிதான் எல்லாரும் தோளத் தேடிப் போவாங்க, அதனால நான் "முதுகுக் குறுக்களவு"ன்னு சொல்றேன்.

கணக்குல வராதுங்கிறதுக்கு ஒரு அளவ எடுத்துக்குவோம், கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா, மார்பு 36, முதுகுக் குறுக்களவு 15, முன் குறுக்களவு 13½. உங்க கணக்குப்படி பாதி முதுகு 7. அளந்து வரைஞ்சா 15ல பாதி 7½, அசைய கால் இன்ச் விட்டா 7¾. அப்ப ஒரு பக்கத்துக்கு முக்கால் இன்ச் துணி குறையுது, அதுவும் கை முன்னால நீளுறப்போ இழுபடுற அதே இடத்துல. மார்புச் சுற்றுல பாதி 18, தளர்வுக்கு 1 சேர்த்து 19, அதுல முதுகுக்கு 7¾, முன்னுக்கு 6¾ போனா கைக்குழி அகலத்துக்கு 4½ மிஞ்சும், அது போதும். 7ன்னு வெட்டுனா கைக்குழி 5¼ ஆகி முதுகுக்குள்ள போயிரும். சுற்றளவு சரியாத்தான் இருக்கும், ஆனா சட்டை புடிக்கும்.

அனுப்பியவர்: நுவரெலியா, வீட்டுல தைக்கிறவர்
டீச்சர் இது எங்க அம்மா சட்டை கதையேதான்! கூடைய மாட்டிக்கிட்டு ரெண்டு கையும் முன்னால நீட்டி கொழுந்து கிள்ளுவாங்க, பின்பக்கம் கைத் தையல்ல கிழிஞ்சு கிழிஞ்சு வரும், நான் ஒவ்வொரு தடவையும் பக்கத் தையல பிரிச்சு லூஸ் பண்ணிக் கொடுப்பேன் திரும்பவும் அதே இடம்தான் போகும். கைய பெருசா வெட்டுனா சரியாயிருமா?

அனுப்பியவர்: ஹட்டன், தையல் டீச்சர்
கைய பெருசாக்குனா தீராதும்மா, கைக்குழிய தோண்டுனா இன்னும் மோசமாகும். அம்மா கைய முன்னால நீட்டுறப்போ ரெண்டு கைக்குழிக்கும் நடுவுல படுக்கையா சுருக்கம் இழுத்துச்சுன்னா குறுக்களவு பத்தல. கைய தொங்கவிட்டு நிக்கிறப்போ கைக்குழி ஓரமா நெட்டுக்கு மடிப்பு விழுந்தா கூடிப்போச்சு.

அனுப்பியவர்: தலவாக்கலை, தையல் கடை
அப்ப கைய முன்னால கட்டச் சொல்லியே அளந்துருவோமே, அளவு தானா கூடி வந்துரும், தளர்வே விட வேண்டியதில்ல.

அனுப்பியவர்: ஹட்டன், தையல் டீச்சர்
கூடும்தான் அண்ணே, ஆனா முழுசா அதையே வெட்டுனா சும்மா நிக்கிறப்போ தொளதொளன்னு மடிஞ்சு நிக்கும். நான் கைய தொங்கவிட்டுத்தான் எடுக்குறேன். வேலைக்குப் போடுற சட்டைன்னா தளர்வ அரை இன்ச்சா ஆக்கலாம்.

அனுப்பியவர்: பண்டாரவளை, சொல்பட்டியல் தொகுக்கிறவர்
சரி குறுக்களவ மாத்திக்கிறேன். மார்பு உச்சி?

அனுப்பியவர்: ஹட்டன், தையல் டீச்சர்
உச்சின்னா புள்ளைங்க மேல் ஓரம்னு எடுத்துக்குவாங்க, "மார்பு முனை" எனக்குப் பிடிக்குது. ஆனா "டாட் முனை"ய அதோட கலக்காம தனியா வைங்க. அந்த அக்காவுக்கே கழுத்தோரத் தோள்ல இருந்து மார்பு முனைக்கு 10½, முனைக்கு முனை 7½, அதனால பேட்டர்ன்ல முன் நடுக்கோட்டுல இருந்து 3¾ல புள்ளி வைக்கணும். டாட் அந்தப் புள்ளியப் பார்த்துத்தான் போகணும், ஆனா ஒரு இன்ச்சுக்கு முன்னாலயே நின்னுரணும், புள்ளி வரைக்கும் தைச்சா கூரா துருத்திக்கிட்டு நிக்கும். அதே மார்புச் சுற்று உள்ள இன்னொருத்தருக்கு 9½ல இருக்கலாம், அந்த அளவுல இவங்களுக்குப் புள்ளி வச்சா இடுப்பு டாட் தேவைக்கு மேல ஏறி, டாட் முனையில காத்துப் புடிச்ச மாதிரி துணி உப்பும், உண்மையான இடத்துல இறுக்கும்.

அனுப்பியவர்: தலவாக்கலை, தையல் கடை
முனை ரெண்டும் சரி. கை கட்டி அளக்குறதுல நான் இன்னும் ஒத்துக்கல டீச்சர், வேலைச் சட்டைக்கு அதுதான் சரி வரும்.

அனுப்பியவர்: நுவரெலியா, வீட்டுல தைக்கிறவர்
நான் அம்மாவுக்கு ரெண்டு விதமாவும் அளந்து ரெண்டு அளவையும் இங்கயே போடுறேன், பழைய சேலைத் துணியில முதுகுப் பக்கம் மட்டும் வெட்டிப் பாக்கலாம்.