"15 நிமிடம் முன்னதாக"ன்னு ஒட்டினா போதுமா?

காவிரிக்கரையான்: காலேஜ் பஸ் நேரம் மாறினா "எல்லாப் பேருந்தும் 15 நிமிடம் முன்னதாகப் புறப்படும்"னு ஒரே வரி போதும். அதுக்கு மேல எவன் நின்னு படிக்கிறான்?

பழைய எழுத்தர்: 11 வருசம் ஒரு கல்லூரிப் போக்குவரத்து ஆபீஸ்ல இந்த நோட்டீஸ் அடிச்சவன் சொல்றேன், "முன்னதாக"ங்கற வார்த்தையே ஆகாது. மன்னார்குடியிலேர்ந்து கும்பகோணம் வர்ற வண்டி, வலங்கைமான்ல பழைய நேரம் 8.05. "15 நிமிடம் முன்னதாக"ன்னு ஒட்டினோம், 7.50 ஆச்சு. பத்து நாள் கழிச்சு "10 நிமிடம் முன்னதாக"ன்னு இன்னொண்ணு. நாங்க நினைச்சது 7.40. பிள்ளைங்க 8.05-ல பத்தைக் கழிச்சு 7.55-க்கு வந்து நின்னாங்க. வண்டி போய் கால்மணி நேரம் ஆயிருந்தது. கடிகாரத்துல பார்க்கற நேரத்தை எழுதணும்: வலங்கைமான் 7.40.

காவிரிக்கரையான்: ரெண்டாவது நோட்டீஸ் ஒட்டினப்ப முதல் நோட்டீஸைக் கிழிக்காதது உங்க தப்பு. வார்த்தை என்னய்யா பண்ணும்? இருபது ஊருக்கும் நேரம் போட்டா அது நோட்டீஸா, ஜாதகமா?

பழைய எழுத்தர்: இருபதையும் யாரும் படிக்க மாட்டாங்க. அவங்கவங்க ஊர்ப் பேரைத்தான் கண்ணு தேடும். வண்டி வர்ற வரிசையிலேயே ஊரை எழுதி, பக்கத்துலேயே நேரம் போட்டா போதும். உச்சியில தேதியும் கிழமையும் பெரிசா. "நாளை முதல்"னு போட்டா, வாட்ஸப்ல மறுநாள் பார்க்கற பையன் இன்னும் ஒரு நாள் இருக்குன்னு நினைப்பான்.

வடுவூர் பொண்ணு: எங்க காலேஜ்ல "எல்லாப் பேருந்தும் முன்னதாக"ன்னு போட்டிருந்தாங்க. சாயங்கால வண்டியும்தான்னு கடைசி பீரியடை விட்டுட்டு ஓடினேன். அது காலை வண்டிக்கு மட்டுமாம். அட்டெண்டன்ஸ் போச்சு, இதுக்கு யாரைக் கேக்கணும்?

பழைய எழுத்தர்: பாத்தீங்களா! அந்த வார்த்தைதான்!

காவிரிக்கரையான்: "காலை"ன்னு ஒரு வார்த்தை சேர்த்தா முடிஞ்சுது. "முன்னதாக"வுல ஒரு குறையும் இல்ல.

நீடாமங்கலத்தான்: ரெண்டு பேரும் எங்க ஊர் ரயில்வே கேட்டை மறந்துட்டீங்க. கேட் போட்டான்னா வலங்கைமான் 7.40-ன்னு அச்சடிச்சதும் பொய், 15 நிமிடமும் பொய்.

பழைய எழுத்தர்: பொய் இல்ல தம்பி. போடறது நிறுத்தத்தை விட்டுக் கிளம்பற நேரம். கேட் திறந்திருந்து 7.33-க்கே வந்துட்டாலும் 7.40 வரைக்கும் வண்டி நிக்கணும். லேட்டானா பிள்ளைங்க காத்திருப்பாங்க, வண்டியை விட மாட்டாங்க. "முன்னதாக"ன்னு எழுதினா டிரைவருக்கும் அந்தக் கணக்கு கிடையாது, வந்தவுடனே எடுத்துடுவார்.

நீடாமங்கலத்தான்: எந்த டிரைவர் நின்னாரு? நான் மூணு வருசம் போனேன், ஒருத்தரும் நின்னதில்ல.

காவிரிக்கரையான்: அப்படிக் கேளுங்க! பஸ் பாஸ் விவாதத்துலயும் இவர் இப்படித்தான், ஆபீஸ்ல உக்காந்து கணக்குப் போட்டார்.

பழைய எழுத்தர்: பஸ் பாஸை ஏன் இழுக்கறீங்க? ரெண்டாவது நோட்டீஸைப் படிச்சுட்டு வலங்கைமான் பையன் எத்தனை மணிக்கு வரணும்? அதைச் சொல்லுங்க முதல்ல.

காவிரிக்கரையான்: பத்து நிமிடம் முன்னதாக வரணும்.

பழைய எழுத்தர்: எதுக்கு முன்னதாக?