பெனிட்யூர் ஊசி: 21 நாள் கணக்கு எங்கே தப்புகிறது? (அனுபவப் பகிர்வு)

ஓபி சிஸ்டர்

ருமாட்டிக் காய்ச்சல் ஒரு தடவை வந்துபோன பிள்ளைகளுக்கு, அது திரும்ப வராம இருக்கப் போடுற பென்சிலின் ஊசியைப் பத்தி எழுதலாம்னு ஆரம்பிக்கிறேன். குழந்தைகள் இதய ஓபியில ஊசி நோட்டைத் திறந்தா, அடிக்கடி கண்ணுல படுற தப்பு ஒண்ணுதான். 21 நாளுக்கு ஒரு ஊசின்னு சீட்டுல இருக்கும். வீட்டுல அது "மாசா மாசம் ஊசி" ஆயிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 11 வயசுப் பையன், 31 கிலோ, 12 லட்சம் யூனிட். 2025 ஜனவரி 6, திங்கட்கிழமை முதல் ஊசி. 21 நாள் கணக்குப்படி அடுத்தது ஜனவரி 27, பிப்ரவரி 17, மார்ச் 10, மார்ச் 31. எல்லாமே திங்கட்கிழமைதான். மாசக் கணக்குல போறவங்க பிப்ரவரி 6, மார்ச் 6, ஏப்ரல் 6-ன்னு வருவாங்க. ஒரு இடைவெளி 31 நாள், ஒண்ணு 28, அடுத்தது மறுபடி 31. ஏப்ரல் 6 ஞாயித்துக்கிழமை வேற, அதனால 32. வருஷத்துக்கு 17 ஊசி போக வேண்டியவனுக்கு 12தான் போயிருக்கும். அம்மா ஒரு தடவைகூட "தவறவிடல". நோட்டுல எல்லாக் கட்டத்துலயும் டிக் இருக்கும்.

இந்த மருந்து தசைக்குள்ள படிகமா உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமா கரையுது. மூணாவது வாரத்துல ரத்தத்துல அளவு இறங்க ஆரம்பிச்சு, நாலாவது வாரத்துல நிறையப் பிள்ளைகளுக்குக் கிருமியைத் தடுக்கிற அளவுக்குக் கீழ போயிடும். தைவான்ல 3 வார ஊசிக்காரங்களையும் 4 வார ஊசிக்காரங்களையும் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 1994-ல வந்தது. 4 வாரக் கூட்டத்துலதான் காய்ச்சல் திரும்ப வந்தது பல மடங்கு அதிகம்.

அதனால அம்மாக்கள்கிட்ட தேதி சொல்றதைவிடக் கிழமை சொல்றதுதான் வேலைக்கு ஆகுது. "மூணு வாரத்துக்கு ஒரு திங்கள்". வருஷம் முழுக்க உள்ள தேதிகளை ஒரே நாள்ல எழுதி நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒட்டிக் கொடுத்துடணும்.

மருந்துக்கடை மணி

சிஸ்டர் சொல்றது சரி. ஆனா இவ்வளவு அவஸ்தை எதுக்கு? பென்சிலின் வி மாத்திரை 250, காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு. அதே மருந்துதானே. பிள்ளைக்கு வலியும் இல்ல. ஊசி கிடைக்காத நாட்கள்ல நாங்க டாக்டர்கிட்ட அதைத்தான் சொல்றோம்.

ஓபி சிஸ்டர்

அண்ணா, பாதி சரி. ஸ்டாக் இல்லாத இடைவெளியை மாத்திரை நிரப்பும், ஒத்துக்கிறேன். ஆனா வருஷத்துக்கு 730 மாத்திரை, அதுவும் உடம்புக்கு ஒண்ணும் தெரியாத பிள்ளைக்கு. ரெண்டாவது மாசமே ராத்திரி மாத்திரை நிக்கும். ஒழுங்கா முழுங்குற பிள்ளைகள்லகூட ஊசியளவுக்குக் காப்பு கிடைக்கிறதில்ல. அதனாலதான் ஊசி முதல் இடத்துல இருக்கு.

வார்டு 4 டாக்டர்

மணி சொன்னதுல இன்னொரு பாதியும் சரியாக வரும் இடம் ஒன்று உண்டு. வால்வு மிகவும் கெட்டுப்போன பிள்ளைகள்: மைட்ரல் வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், அயோர்ட்டிக் வால்வு மோசமாகக் கசிபவர்கள், இதயத்தின் பம்ப் பலவீனமாகி மூச்சு வாங்குபவர்கள். ஊசி போட்ட சில நிமிடங்களில் இவர்களில் சிலர் சரிந்து இறந்திருக்கிறார்கள். எல்லாரும் அதைப் பென்சிலின் ஒவ்வாமை என்றே எழுதினார்கள். கூர்ந்து பார்த்தால் பலருக்குத் தடிப்பும் இல்லை, இளைப்பும் இல்லை. வலியாலும் பயத்தாலும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குகின்றன. நல்ல இதயம் அதைச் சமாளித்துவிடும், இந்த இதயம் சமாளிக்காது. 2022-ல் அமெரிக்க இதய சங்கம் இதைச் சொல்லி, இந்த வகைப் பிள்ளைகளுக்கு மாத்திரையை முன்னால் வைக்கச் சொன்னது. லேசான வால்வுக் கசிவு உள்ள பிள்ளைக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு ஊசிதான்.

மற்ற பிள்ளைகளுக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. வெறும் வயிற்றோடு ஊசிக்கு வரக் கூடாது. இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். நிற்க வைத்துப் போடக் கூடாது, படுக்க வைத்துத்தான். போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும்.

பிள்ளை சரிந்தால் முதலில் நாடியைப் பிடியுங்கள். வெளுத்து, வியர்த்து, நாடி மெதுவாக ஓடினால் பெரும்பாலும் மயக்கம்தான். காலைத் தூக்கி வைத்தால் ஓரிரு நிமிடத்தில் கண் திறப்பார்கள். நாடி வேகமாக ஓடி, உடம்பில் தடிப்பும் உதட்டில் வீக்கமும் இளைப்பும் வந்தால் ஒவ்வாமை. தொடையில் அட்ரினலின்: 1:1000 மருந்தில் கிலோவுக்கு 0.01 மில்லி, 30 கிலோ பிள்ளைக்கு 0.3 மில்லி. எது என்று புரியாவிட்டால் அட்ரினலினைப் போட்டுவிடுங்கள், தாமதம்தான் ஆபத்து. சிரிஞ்ச் தயாராக இல்லாத மேசையில் இந்த ஊசியைத் தொடவே கூடாது.

ரெண்டு பிள்ளை அம்மா

வணக்கம். என் பொண்ணுக்கு 7 வயசு. ரெண்டு மாசமா அடிக்கடி தொண்டை வலி. ரத்தத்துல ஏஎஸ்ஓ 400-க்கு மேல இருக்குன்னு சொன்னாங்க. அப்ப அவளுக்கும் 21 நாள் ஊசி 18 வயசு வரைக்கும் போடணுமா? படிச்சதுல இருந்து தூக்கமே இல்ல.

வார்டு 4 டாக்டர்

அம்மா, வேண்டியதில்லை. ஏஎஸ்ஓ கூடியிருந்தால், தொண்டைப்புண் உண்டாக்கி ருமாட்டிக் காய்ச்சலுக்கு வழிவிடும் ஸ்ட்ரெப் கிருமி அண்மையில் உடம்பில் பட்டிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அது கூடியிருக்கும். பெரிய மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்று வீங்கி வலித்ததா, மூச்சு வாங்குகிறதா, கை கால் தன்னால் துள்ளுகிறதா, எக்கோவில் வால்வு கசிகிறதா? இவை எதுவும் இல்லாமல் அந்த எண்ணை மட்டும் வைத்து வருடக்கணக்கில் ஊசி போடக் கூடாது. தொண்டைப்புண் இருந்தால் அதற்கு முழு வைத்தியம் செய்தால் போதும்: 10 நாள் மாத்திரை, இல்லாவிட்டால் இதே ஊசி ஒரே ஒரு முறை. மூன்றாம் நாள் வலி போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஒரு தடவை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளையின் கதை வேறு. அவர்களுக்கு அடுத்த தொண்டைத் தொற்று லேசாக வந்தாலும், வலியே தெரியாமல் போனாலும், காய்ச்சல் திரும்பலாம். "தொண்டை வலித்தால் வாருங்கள்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க முடியாது.

ஊசிமுனை (20 வருஷம் இன்ஜெக்ஷன் ரூம்)

ஒருத்தரும் ஊசி அடைக்கிறதைப் பத்திப் பேசலியே. அம்மாக்கள் ஓடிப்போறதே அதுக்குத்தான். பாதி மருந்து உள்ள போன பிறகு அடைச்சு, உருவி மறுபடி குத்தினா, அந்தப் பிள்ளை அடுத்த தடவை வாசல்லயே அழும்.

பவுடர் குப்பியில லேபிள் சொன்ன அளவு தண்ணியை விடுங்க. குறைச்சு விட்டா கொஞ்ச மருந்தா இருக்கும், வலிக்காதுன்னு சிலர் நினைக்கிறாங்க. கெட்டியாகி அடைக்கிறதே அதனாலதான். குலுக்கினா நுரை வரும், அதனால குப்பியை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு உருட்டுங்க. அடியில வெள்ளைக் கட்டி ஒட்டியிருக்கான்னு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. தண்ணிவிட்ட பால் மாதிரி ஆகணும். பெரிய ஊசியால இழுத்து, குத்துறதுக்குப் புது 21 நம்பர், பச்சைக் கழுத்து ஊசி மாட்டுங்க. நீல ஊசி மெல்லிசு, வலிக்காதுன்னு அதைப் போட்டீங்கன்னா அடைக்கும். இழுத்த மருந்தை ட்ரேயில வச்சுட்டுப் பிள்ளையைத் தேடக் கூடாது. பிள்ளை படுத்த பிறகுதான் கலக்கணும், ரெண்டு நிமிஷம் சும்மா வச்சா அடியில படிஞ்சிடும்.

ஸ்பிரிட் காயணும். குத்துற இடத்துல கட்டைவிரலால 10 எண்ணுற வரைக்கும் அழுத்திட்டுக் குத்துங்க. பின்னால இழுத்துப் பார்த்து ரத்தம் வரலைன்னா, நிக்காம ஒரே சீரா ரெண்டு மூணு நிமிஷம் எடுத்து ஏத்துங்க. ரத்தக்குழாயில போனா உயிருக்கே ஆபத்து. நடுவுல அடைச்சா அமுக்காதீங்க. வெளிய எடுத்து ஊசியை மாத்திட்டு மிச்சத்தைப் போடுங்க. தடவை தடவை இடது வலது மாத்தணும், எந்தப் பக்கம்னு நோட்டுல எழுதணும். டாக்டர் ஒத்துக்கிட்டா, கலக்குற தண்ணியில ஒரு பங்குக்குப் பதில் அட்ரினலின் கலக்காத லிக்னோகேயின் 1 சதவீதம் விடலாம். வலி நல்லாவே குறையும்.

டெஸ்ட் டோஸ் கதையையும் சொல்லணும். சில இடத்துல ஒவ்வொரு தடவையும் தோல்ல டெஸ்ட் போட்டுத்தான் ஊசி. என் கருத்துக்கு, ரெண்டு வருஷமா ஒழுங்கா ஊசி வாங்குற பிள்ளைக்கு அது கூடுதலா ஒரு குத்துதான். டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னா ஒவ்வாமையே வராதுன்னு எழுதிக் கொடுக்கவும் முடியாது.

ஓபி சிஸ்டர்

டெஸ்ட் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன் அக்கா. வேற ஊர்லருந்து சீட்டோட வர்ற பிள்ளைக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்? முதல் தடவையும், ரொம்ப நாள் விட்டுட்டு வந்தாலும் எங்க இடத்துல டெஸ்ட் உண்டு.

எடையையும் சொல்லிடறேன். நம்ம ஊர்ல பின்பற்றுற குழந்தை மருத்துவர் வழிகாட்டுதல்படி 27 கிலோவுக்குக் கீழ 6 லட்சம், அதுவும் 15 நாளுக்கு ஒரு தடவை; மேல போனா 12 லட்சம், 21 நாள். 25 கிலோவுல ஆரம்பிச்ச பிள்ளை ஒரு வருஷத்துல 29 ஆயிடும். சீட்டு மட்டும் பழசாவே இருக்கும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னாடி தராசுல ஏத்துங்க.

மருந்துக்கடை மணி

ஆஸ்திரேலியாவுல 20 கிலோவுக்கு மேலயே 12 லட்சம் போடறாங்களே? அப்ப 22 கிலோ பிள்ளைக்கு எது சரி?

வார்டு 4 டாக்டர்

நாட்டுக்கு நாடு மாறுகிறது. இதில் இன்னும் ஒரே கருத்து இல்லை. 6 லட்சத்தை 21 நாளுக்கு இழுப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

தேதி தாண்டியவர்களுக்கு: வந்த அன்றே போடுங்கள், இரட்டை டோஸ் வேண்டாம், அன்றிலிருந்து 21 எண்ணுங்கள். ஊருக்குப் போகிறார்கள் என்றால் நாலைந்து நாள் முன்னதாகவே போட்டு அனுப்பலாம், ஒரு கெடுதலும் இல்லை.

கரூர் அப்பா

பையனுக்கு 9 வயசுல மூட்டுவலியோட காய்ச்சல் வந்துச்சு, எக்கோ அப்பவும் இப்பவும் நார்மல். இப்ப 15. 5 வருஷம் முடிஞ்சுதே, நிறுத்திடலாமான்னு கேட்டா ஒருத்தர் 18 வரைக்கும்ங்கறார், இன்னொருத்தர் 21-ங்கறார்.

வார்டு 4 டாக்டர்

இதயம் பாதிக்காதவர்களுக்கு 5 வருடம் அல்லது 18 வயது, இரண்டில் எது பின்னால் வருகிறதோ அது. 21 என்பது அமெரிக்கக் கணக்கு. எக்கோவில் ஒரு முறையாவது கசிவு தெரிந்திருந்தால் 10 வருடம் அல்லது 25 வயது. பழைய எக்கோவின் ரிப்போர்ட் கையில் இருக்கிறதா, அல்லது "நார்மல்" என்று வாயால் சொன்னதுதானா?

கரூர் அப்பா

வாயால சொன்னதுதான் டாக்டர். வர்ற வியாழன் ஊசி நாள், அன்னைக்கே எக்கோ எடுத்து ரிப்போர்ட் வாங்கிட்டு வர்றேன்.