அப்பாவின் ஓய்வுப் பணம்: மனசு தாங்கும், பணம் தாங்குமா?

அப்பாவுக்கு 60 வயது. கோவையில் தனியார் மில் வேலை, போன மாதம் ஓய்வு. பென்ஷன் கிடையாது. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 42 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 30,000. முழுவதையும் பங்குச்சந்தை ஃபண்டில் போட வேண்டும் என்று நிற்கிறார்.

ஒரு ஆப்பில் ரிஸ்க் கேள்வித்தாள் நிரப்பினார். ‘அக்ரெசிவ்’ என்று வந்தது. பொய்யில்லை. 2020 மார்ச்சில் நிஃப்டி இரண்டே மாதத்தில் 38 சதவீதம் போல விழுந்தபோது, தன் 3 லட்சத்தில் ஒரு யூனிட்கூட அவர் விற்கவில்லை. ஆனால் அன்றைக்கு மாதச் சம்பளம் வந்தது. அந்தப் பணத்தைத் தொடவே தேவையில்லை. இனி அப்படி இல்லை. அதே சரிவு வந்தால் 42 லட்சம் 26 லட்சமாகும். அதிலிருந்து வருடம் 3.6 லட்சம் எடுத்தாக வேண்டும், அதுவும் அடிமாட்டு விலைக்கு யூனிட்டை விற்று. சந்தை மீண்டாலும் விற்ற யூனிட் திரும்பாது.

நோட்டில் கணக்கு போட்டுக் காட்டினேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டால் 8.2 சதவீத வட்டியில் மாதம் சராசரியாக 20,500 வரும். குறையும் 9,500-க்கு ஐந்து வருடத்துக்கு 5.7 லட்சம் எஃப்.டி. இதற்கு அரை மனதாகச் சம்மதித்திருக்கிறார்.

மீதி 6.3 லட்சம். மில் கொடுத்த மருத்துவக் காப்பீடு முடிந்துவிட்டது, புதிதாக இன்னும் எடுக்கவில்லை. இந்த நிலையில் அந்த 6.3 லட்சத்தில் எவ்வளவு வரை பங்கு ஃபண்டில் போட விடலாம்?